பட்டியா, குழாயா, டம்பெல்லா? பெரியம்மாவின் விறாந்தையில் ஒரு ஒப்பீடு

பெரியம்மா 60 வயதில் ஓய்வு பெற்ற ரீச்சர். வீடு யாழ்ப்பாணத்தில். கதிரையில் இருந்து எழும்பும்போது கையூன்றத் தொடங்கியபின், வீட்டிலேயே ஏதாவது பயிற்சி செய்யலாம் என்று முடிவாயிற்று. எங்களிடம் மூன்று சாமான்கள் சேர்ந்தன. நீளமான தட்டை றப்பர் பட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த றப்பர் குழாய், மகன் விட்டுப்போன இரண்டு கிலோ டம்பெல்.

டம்பெல்லின் பலம் அதன் நேர்மை. இரண்டு கிலோ என்றால் அடுத்த வருடமும் இரண்டு கிலோதான். ஆனால் அதன் எடை எப்போதும் கீழ்நோக்கியே இழுக்கும். கதிரையில் நிமிர்ந்திருந்து முதுகுக்கும் தோள்பட்டைக்கும் வேலை கொடுக்க அது உதவாது. அதற்கு முன்னால் குனிய வேண்டும், இடுப்பு நோகும். கையை மேலே தூக்கும் பயிற்சிக்கு மட்டும் என்றால் காசு செலவழிக்கவே தேவையில்லை. ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோ. தண்ணீரைக் கூட்டிக் குறைத்து எடையையும் மாற்றலாம்.

குழாயின் கைப்பிடி விரல்மூட்டு வலி உள்ளவர்களுக்கு நல்ல வசதி. குறை, நீளத்தை நினைத்தபடி சுருக்க முடியாது. பெரியம்மா குள்ளம், குழாயோ தொய்ந்து கிடந்தது. ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் உடனே இறுகிவிடும். நடுத்தரம் என்பதே இல்லை.

பட்டியில் அந்த நடுத்தரம் இருக்கிறது. இழுக்க இழுக்க அதன் எதிர்ப்புக் கூடும். எவ்வளவு கூடும் என்பது முதல் நீளத்தோடு ஒப்பிட எத்தனை பங்கு நீள்கிறது என்பதைப் பொறுத்தது. காலுக்கும் கைக்கும் இடையில் 60 சென்ரிமீற்றர் விட்டுப் பிடித்து 90 வரை இழுத்தால் பாதிப் பங்கு நீட்சி. கையைக் கொஞ்சம் கீழே இறக்கி 45 இல் பிடித்து அதே 90 வரை இழுத்தால் இரட்டிப்பு நீளம். பட்டி அதேதான், வேலை நன்றாகவே கூடிவிட்டது. "இது சின்னப்பிள்ளையள் விளையாடுற சாமான் மாதிரிக் கிடக்கு" என்றவர், 45 இல் பிடித்த பிறகு அப்படிச் சொல்லவில்லை.

அவர் செய்தது இதுதான். கதிரையில் இருந்து கால்களை நீட்டி, சப்பாத்துப் போட்ட பாதத்தில் பட்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக்கொள்வார். சும்மா மாட்டினால் வழுக்கி முகத்தில் அடிக்கும். முழங்கையைப் பின்னால் இழுக்க இரண்டு எண்ணிக்கை, திரும்ப விட நான்கு. எண்ணுவது சத்தமாக, மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். பத்துப் பன்னிரண்டு தடவை, இடையில் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். அதோடு கையூன்றாமல் கதிரையில் இருந்து எழும்பி இருப்பது. காலுக்கு அதைவிட நல்ல சாமான் இந்த மூன்றிலும் இல்லை.

பட்டியின் பெரிய குறை, அது பொய்யான முன்னேற்றம் காட்டும். கை தெரியாமலே தளர்த்திப் பிடிக்கும். எங்கள் வெயிலிலும் வெக்கையிலும் றப்பரும் தளரும். நல்லெண்ணெய்க் கையோடு தொட்டால் இன்னும் கெதியாகக் கெட்டுவிடும். "இப்ப லேசாக் கிடக்கு" என்றால் பெலத்தது ஆளா, இளகியது பட்டியா? அதனால் பிடிக்கும் இடத்தில் பேனையால் கோடு போட்டோம். பட்டி கொடியில் அல்ல, அலுமாரிக்குள். கிழமைக்கு ஒருக்கால் வெளிச்சத்துக்கு எதிரே நீட்டிப் பார்ப்பது. ஊசித்துளை போல ஏதும் தெரிந்தால் எறிவது.

உண்மையான அளவுகோல் கதிரைதான். கையை நெஞ்சில் குறுக்கே வைத்து 30 விநாடியில் எத்தனை தரம் முழுதாக எழும்பலாம்? 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12 இற்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழ். பெரியம்மா ஒன்பதில் தொடங்கினார். முதல் மாதம் அசையவே இல்லை. இரண்டாம் மாத முடிவில் 11, அதற்கடுத்த மாதம் 13. கை மட்டும் பார்வைக்கு அப்படியே இருந்தது. அதில் வியப்பில்லை: தொடக்கத்தில் வரும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக ஏவப் பழகுவதால் வருவது, தசை தடிக்கப் பிறகும் காலம் எடுக்கும். நல்லூரில் மணலில் இருந்து மற்றவரின் தோளைப் பிடிக்காமல் எழும்பியதை முதலில் கவனித்தது பக்கத்தில் இருந்த மருமகள்.

ஆகவே என் தெரிவு தட்டைப் பட்டி. விரல் மடங்காதவர்களுக்குக் குழாய். டம்பெல்லை வைத்திருக்கலாம், மாதம் ஒருமுறை தூக்கிப் பட்டி சொல்வது சரியா என்று பார்க்க. கோடு போட்ட இடத்தில் பிடித்துப் பதினைந்து தரம் இரண்டு சுற்றும் இலகுவாக வந்தால் அடுத்த நிறம் வாங்குங்கள். பல நிறுவனங்களில் மஞ்சளுக்கு மேல் சிவப்பு, அதற்கு மேல் பச்சை. எல்லா நிறுவனத்திலும் அப்படியில்லை, கடையில் இழுத்துப் பார்த்தே வாங்குங்கள். பழையதை எறிய வேண்டாம், தோளுக்கு அதுவே போதும்.