ஒரே வூஃபர், இரண்டு பெட்டிகள்: சீல்டு, போர்ட் இரண்டையும் இரண்டரை வருடம் கேட்ட பிறகு

என்னிடம் இருப்பது ஒரே ஒரு 10 இன்ச் வூஃபர்தான். அதற்கு முழுக்க மூடிய சீல்டு பெட்டி ஒன்றும், காற்று போய்வரக் குழாய் வைத்த போர்ட் பெட்டி ஒன்றும் செய்து, மாற்றி மாற்றிப் பொருத்தி இரண்டரை வருடமாகக் கேட்டு வருகிறேன். வூஃபர், ஆம்ப்ளிஃபயர், பாட்டு எல்லாம் ஒன்றே. பெட்டி மட்டும் வேறு என்பதால், கேட்ட வித்தியாசம் பெட்டியால் வந்தது என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. 80 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதையெல்லாம் பக்கத்து ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்கின்றன. கீழே உள்ளது மட்டும்தான் இந்த வூஃபரின் வேலை.

வூஃபரின் கணக்கு: அது தானாக அதிரும் அதிர்வெண் fs 28 ஹெர்ட்ஸ், அந்த அதிர்வு எவ்வளவு அடக்கப்படுகிறது என்று காட்டும் Qts 0.38, கோனின் தொங்கலுக்கு இணையான ஸ்பிரிங் தரும் காற்றின் கொள்ளளவு Vas 90 லிட்டர். சீல்டு பெட்டிக்கு வேண்டிய சூத்திரங்கள் இரண்டே:

```
Qtc = Qts × √(1 + Vas/Vb)
fc  = fs × Qtc / Qts
```

Vb என்பது பெட்டியின் உள் கொள்ளளவு. Qtc, fc என்பவை வூஃபரைப் பெட்டியில் பொருத்திய பிறகு Qts, fs மாறி நிற்கும் மதிப்புகள். 34 லிட்டர் என்று வைத்தால் Qtc ஏறத்தாழ 0.73, fc ஏறத்தாழ 53 ஹெர்ட்ஸ். Qtc 0.7 அருகில் இருந்தால் பாஸ் மேடு தட்டாமல் சீராக இறங்கும். ஆசாரியிடம் 18 மி.மீ. பிளைவுட்டில், உள்ளளவு பக்கத்துக்கு 33 செ.மீ. உள்ள கனசதுரமாகச் செய்யச் சொன்னேன். நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடலாம், அவ்வளவு சிறியது. 1954-இல் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர்-1 ஸ்பீக்கரில் காட்டியது இதைத்தான். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங் ஆகிக் கோனைப் பிடித்து இழுக்கும் என்பதால் பெட்டி பெரிதாக இருக்கத் தேவையில்லை.

அதே வூஃபருக்குப் போர்ட் பெட்டி கணக்கு போட்டபோது 84 லிட்டர் வந்தது. டியூனிங், அதாவது போர்ட் குழாயின் காற்று பெட்டியோடு சேர்ந்து தானாக அதிரும் அதிர்வெண், 28 ஹெர்ட்ஸ். போர்ட் குழாய், வூஃபரின் பின்பகுதி, உள்ளே குறுக்கே கொடுத்த சட்டங்கள் ஆகியவை அடைக்கும் இடத்தையும் சேர்த்தால் மொத்தம் 92 லிட்டர். உயரம் கிட்டத்தட்ட 70 செ.மீ. காலிப்பெட்டியைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

இந்த இடத்தைக் கொடுத்ததற்கு என்ன கிடைத்தது? 28 ஹெர்ட்ஸில் போர்ட் பெட்டி 3 டெசிபல்தான் இறங்கியிருக்கும். சீல்டு பெட்டி அதே இடத்தில் 11 டெசிபல் இறங்கிவிடும். இவ்வளவு ஆழத்தில் 8 டெசிபல் என்பது இருக்கிறதா இல்லையா என்கிற அளவு வித்தியாசம். அதற்குக் கீழே போர்ட் செங்குத்தாக விழுகிறது, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 24 டெசிபல். சீல்டு சரிவாக, 12 டெசிபல் வீதம் இறங்குகிறது. இதை வைத்து "கடைசியில் சீல்டுதான் ஆழம் போகும்" என்று பலர் சொல்வார்கள். என் வூஃபரில் இரண்டு கோடுகளும் சந்திப்பது 15 ஹெர்ட்ஸ் அருகில். பாஸ் கிட்டாரின் அடித்தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால், பாட்டுக் கேட்பவருக்கு அந்த வாதம் பயன்படாது.

இதெல்லாம் திறந்தவெளிக் கணக்கு. வீட்டில் கேட்டபோது கதை மாறிவிட்டது.

முதல் ஒன்றரை வருடம் 12-க்கு 10 அடி அறையில் கேட்டேன். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, ஒரே கதவு. 12 அடி நீளத்துக்கு அறையின் முதல் ஒத்ததிர்வு 47 ஹெர்ட்ஸ் அருகில் வரும். அதற்குக் கீழே அறை முழுவதுமே ஒரே காற்றழுத்தமாகி, ஆழம் கூடக்கூட ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். முழுக்க இறுக மூடிய அறையில் இது ஆக்டேவுக்கு 12 டெசிபல் வரை போகும். கதவு, ஜன்னல் கசிவால் நடைமுறையில் குறையும். சீல்டு பெட்டி எங்கே, எந்த வேகத்தில் இறங்குகிறதோ, அங்கேதான் அறை தூக்குகிறது. அளவீட்டு மைக்கை உட்காரும் இடத்தில் வைத்து REW மென்பொருளில் பார்த்தபோது, 28 ஹெர்ட்ஸில் சீல்டு 4, 5 டெசிபல் மட்டுமே இறங்கியிருந்தது. போர்ட் பெட்டியோ, ஏற்கெனவே சமமாக இருந்த இடத்தில் அறையின் பங்கும் சேர்ந்து, 30-35 ஹெர்ட்ஸில் ஒரு மேட்டைக் காட்டியது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கக் கும்கி முடிந்த பிறகும் ஒரு கனம் அறையில் தங்கிக் கிடந்தது. காதுக்கு அது "மெதுவான பாஸ்" என்றே கேட்டது.

அப்போது போர்ட் என்றாலே தாமதம் என்று நானும் நம்பினேன். பிறகு, எந்த அதிர்வெண் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று காட்டும் குரூப் டிலே கணக்கை உட்கார்ந்து பார்த்தேன். 28 ஹெர்ட்ஸில் சீல்டுக்கு 5 மில்லிசெகண்ட், போர்ட்டுக்கு 21. நான்கு மடங்கு. ஆனால் 56 ஹெர்ட்ஸுக்கு வந்தால் இரண்டுக்குமே ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட்தான்! தாமதம் டியூனிங் அதிர்வெண்ணைச் சுற்றியே குவிகிறது. டியூனிங் 28-இல் இருக்கும்போது, தாளவாத்தியத்தின் அடி விழும் இடத்துக்கு அது எட்டுவதில்லை. நான் கேட்ட இழுவை, அறை ஏற்றிய மேட்டிலிருந்து வந்தது.

இதை உறுதிப்படுத்த 50 லிட்டரில், 38 ஹெர்ட்ஸ் டியூனிங்கில் ஒரு தற்காலிகப் பெட்டி செய்து பார்த்தேன். இடமும் மிச்சம், போர்ட்டும் இருக்கும் என்கிற ஆசைதான். 45 ஹெர்ட்ஸ் அருகில் பெட்டியே மேடு கட்டியது, தாமதமும் பாட்டின் நடுவுக்கே ஏறி வந்துவிட்டது. தவில், பாஸ் கிட்டார் எல்லாம் ஒரே "தொம்" ஆயின. போர்ட் பாஸைப் பற்றிய கெட்ட பெயர் பெரும்பாலும் இப்படிச் சுருக்கிய பெட்டிகளால் வந்தது என்பது என் முடிவு. இடமில்லை என்றால் சீல்டுக்குப் போய்விடுங்கள்.

போர்ட் பெட்டியில் நான் பட்ட சிரமங்கள் மூன்று. முதலில் 7.5 செ.மீ. விட்டக் குழாய் போட்டேன். நீளம் 15 செ.மீ.க்குள் முடிந்தது, வெட்டுவதும் எளிது. சத்தம் கூட்டினால் ஆழமான ஸ்வரங்களில் "புஸ் புஸ்" என்று காற்று இரைந்தது. 10 செ.மீ. விட்டத்துக்கு மாற்றியதும் நின்றது, ஆனால் நீளம் 28 செ.மீ.க்கு மேல் ஆகிவிட்டது. டியூனிங் சரியா என்று பார்க்க, அதிர்வெண்ணுக்கேற்ப வூஃபரின் மின்தடை மாறுவதைக் காட்டும் இம்பீடன்ஸ் வரைபடம் போதும். இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் டியூனிங். எனக்கு 29-இல் விழுந்தது.

இரண்டாவது, ஆபத்தானது. டியூனிங்குக்குக் கீழே போனால் உள்ளே உள்ள காற்று கோனைப் பிடிப்பதே இல்லை. ஒரு படத்தின் வெடிச்சத்தக் காட்சியில் "டக்" என்று காயில் பின்தகட்டில் மோதிய ஓசை கேட்டது. அன்றே 24 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டேன். சீல்டு பெட்டியில் காற்று ஸ்பிரிங் எப்போதும் இருப்பதால் இந்தப் பயம் குறைவு. அங்கே பார்க்க வேண்டியது கசிவு மட்டும்தான். கோனை மெல்ல உள்ளே அழுத்தி விட்டால் அது நிதானமாகத் திரும்ப வேண்டும். டக்கென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. எனக்கு ஒயர் டெர்மினல் பக்கம் இருந்தது.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. இரண்டு மாதம் ஊரில் இல்லாமல் திரும்பியபோது குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இப்போது பயன்படுத்தாதபோது ஒரு துணிப்பந்தால் அடைத்து வைக்கிறேன்.

சென்ற வருடம் வீடு மாறினோம். இப்போதைய கூடம் 20-க்கு 14 அடி, சமையலறை பக்கமும் மாடிப்படி பக்கமும் திறந்தே இருக்கிறது. அறை தந்த தூக்கல் போயே போய்விட்டது. சீல்டு பெட்டி இங்கே மெலிந்து ஒலித்தது. ஈக்வலைசரில் 28 ஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றினால் நான்கு மடங்கு வாட்ஸ் கேட்கிறது, கோனும் எல்லைக்குப் போகிறது. 92 லிட்டர் பெட்டியில் அதே வூஃபர் அலட்டாமல் வாசிக்கிறது. மேடு இல்லை, கும்கி அடித்த இடத்திலேயே நிற்கிறது.

கனசதுரப் பெட்டி இப்போது படிக்கும் அறையில், 10-க்கு 10 அடியில் இருக்கிறது. அதற்கென்று இதே வூஃபரில் இன்னொன்று வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.