பக்கவாட்டு முகத்த நேர் முகத்துல வைக்க: முக்கோணமா, 3டி மாடலா, எம்பெடிங்கா?

குடும்ப குரூப் போட்டோல எங்க மாமா முகம் மட்டும் லேசா மங்கலா விழுந்துருச்சு, அவரே கேட்டதால அவரோட இன்னொரு படத்துலேர்ந்து முகத்த எடுத்து வைக்கப் பார்த்தேன், ஆனா அதுல அவர் நல்லா திரும்பி நிக்கிறாரு. எவ்ளோ திரும்பியிருக்காருன்னு dlib லைப்ரரி முகத்துல குறிக்கிற 68 புள்ளிய p-ங்கற லிஸ்ட்ல வச்சு முதல்ல பாத்துக்கிட்டேன்:

```python
a = p[30][0] - p[36][0]
b = p[45][0] - p[30][0]
print(a / b)
```

30 மூக்கு நுனி, 36உம் 45உம் கண்ணோட வெளி ஓரங்க. நேரா பாத்தா 1 கிட்ட வரும். குரூப் போட்டோல 64க்கு 61, முகத்த எடுக்கிற படத்துல, அதாவது சோர்ஸ்ல, 92க்கு 31, அதாவது கிட்டத்தட்ட 3.

முகத்த முக்கோணமா வெட்டி, இழுத்துப் பொருத்தி, OpenCV-ஓட seamlessClone போடுறதுதான் முதல்ல செஞ்சது. லேசா திரும்புன முகத்துக்கு இது போதும், வேகமும் இதுலதான். ஆனா இங்க அந்தப் பக்க கன்னம் சோர்ஸ்ல வெறும் 9 பிக்சல், அத 40 பிக்சலுக்கு இழுத்தா தோல் கோடு கோடா ஓடுது. அதவிட பெரிய சிக்கல், திரும்புன முகத்துல தாடை புள்ளிங்க உண்மையான தாடை எலும்புல உக்காராது, கண்ணுக்குத் தெரியிற விளிம்புல போய் உக்காரும், அதனால ரெண்டு படத்துலயும் ஒரே நம்பர் புள்ளி வேற வேற இடத்தக் காட்டும். மூக்கும் சாஞ்சேதான் இருக்கும், புள்ளி நகந்தாலும் ஒரு பக்க நிழல் நகராது. seamlessClone நிறத்தத்தான் கலக்கும், இத சரி பண்ணாது.

3டி மாடல் (பேசல், ஃப்ளேம் மாதிரி) பொருத்தி தலைய திருப்பினா மூக்கு சரியா நிமிருது, அது உண்மையிலேயே அழகா இருந்துச்சு. ஆனா மறைஞ்சிருந்த பக்கத்துக்கு தோல் எங்கேர்ந்து வரும்? தெரியிற பக்கத்த கண்ணாடி மாதிரி திருப்பி ஒட்டணும், மாமாவுக்கு வலது கன்னத்துல ஒரே ஒரு மச்சம், இப்ப ரெண்டு பக்கமும் வந்துருச்சு, வெளிச்சமும் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அடிக்குது. ஒட்டுன பக்கத்துல மச்சத்த கையால அழிச்சு, நிழல லேசா கூட்டினா தேறும்.

inswapper_128 மாதிரி எம்பெடிங் வழில தோலையே எடுக்கிறதில்ல, ஆளோட அடையாளத்த 512 எண்ணா மாத்தி டார்கெட்டோட கோணத்துலயே முகத்த வரைஞ்சிடும், அதனால திரும்புன தலை நேரடி பிரச்சினையே இல்ல. ரொம்ப திரும்புன ஒரே படத்த குடுத்தா மட்டும் ஜாடை மாறி வேற யாரோ மாதிரி வரும். வேற வேற கோணத்துல நாலஞ்சு படத்தோட எம்பெடிங்க சராசரி எடுத்து நார்மலைஸ் பண்ணி குடுத்தப்ப ஜாடை நல்லா திரும்பி வந்துச்சு. குறை என்னன்னா முகம் 128 பிக்சல்லதான் வரும், மச்சமும் காணாம போயிடும்.

குரூப் போட்டோல முகம் சின்னதா இருந்ததால எனக்கு 128 போதுமா இருந்துச்சு, எம்பெடிங்கதான் எடுத்துக்கிட்டேன், மச்சத்த மட்டும் பழைய படத்துலேர்ந்து தனியா வெட்டி வச்சேன். முகமே படம் முழுக்க வர்ற போர்ட்ரெய்ட்னா 3டி பக்கம்தான் போயிருப்பேன்.