‘பூட்டினார்’, ‘பூட்டினாராம்’: அபிடவிட்டில் குறியிட மூன்று வழிகள்

தண்டையார்பேட்டையில் இரண்டு வீடுகளுக்கு நடுவே நாலடிப் பொதுவழி. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டார் என்று தம்புச் செட்டித் தெருவில் எங்கள் வக்கீல் அறைக்கு ஒரு அம்மா வந்தார். இடைக்காலத் தடை கேட்டு மனு போட வேண்டும். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்:

“வெள்ளிக்கிழமை ராத்திரி பூட்டு போட்டுட்டானாம் தம்பி, என் பொண்ணு பாத்தா. நான் பொன்னேரில கல்யாணத்துல இருந்தேன். காலைல வந்து பாத்தா பூட்டு தொங்குது. ‘இந்தப் பக்கம் கால வெச்சா நல்லா இருக்காது’ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னான். ஒரு புரோக்கர் வந்து டேப் வெச்சு அளந்தாரு. அட்வான்ஸ் வாங்கியாச்சுன்னு அவர்தான் சொன்னாரு. வித்துடப் போறான்.”

மனுவோடு சேர்க்கும் அபிடவிட், அதாவது சத்தியம் செய்து தரும் வாக்குமூலம், டைப் ஆகி வந்தது. அதன் ஐந்தாம் பத்தி: “எதிர்மனுதாரர் வெள்ளிக்கிழமை இரவு பொதுவழியைப் பூட்டினார். சொத்தை விற்க முன்பணமும் பெற்றுவிட்டார்.” அந்த அம்மா போட்ட ‘ஆம்’ டைப் அடிக்கும்போதே உதிர்ந்துவிட்டது. அன்றிரவு அவர் ஊரிலேயே இல்லை என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், அவர் கண்ணால் பார்த்த பூட்டும் சேர்ந்தே சந்தேகத்துக்கு ஆளாகும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 19, விதி 3 சொல்வது இது: தானே அறிந்து நிரூபிக்கக்கூடியதை மட்டும்தான் அபிடவிட்டில் சொல்ல வேண்டும். இடைக்கால மனுக்களில் மட்டும் நம்பிக்கையையும் சொல்லலாம், ஆனால் அதற்கான காரணத்தைக் காட்ட வேண்டும். தேவையில்லாமல் செவிவழிச் செய்தியையோ வாதத்தையோ நிரப்பினால் அந்த அபிடவிட்டின் செலவு தாக்கல் செய்தவர் தலையில் விழும்.

எது எங்கிருந்து தெரிந்தது என்று குறியிட மூன்று வழிகள். முதல் வழி, பெரும்பாலான அறைகளில் நடப்பது: கடைசியில் ஒரு வரி. “1 முதல் 9 வரையிலான பத்திகள் என் அறிவுக்கும் தகவலுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை.” வேலை சுலபம், பயன் பூஜ்யம். எது அறிவு, எது தகவல் என்று அதில் யாராலும் பிரிக்க முடியாது. பம்பாய் மாநிலம் எதிர் புருஷோத்தம் ஜோக் நாயக் வழக்கில் 1952-லேயே உச்ச நீதிமன்றம் இந்த அலட்சியத்தைக் கண்டித்து, சொந்த அறிவில் வராததற்கு எங்கிருந்து தெரிந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லச் சொன்னது.

இரண்டாவது, பத்தி எண்களைப் பிரித்து எழுதுவது: “1 முதல் 4 வரை நேரடியாக அறிந்தவை, 5 தகவல், 6 நம்பிக்கை.” முதல் வழியைவிட எவ்வளவோ மேல். பத்திக்கு ஒரே மூலம் இருந்தால் இதுவே போதும். நம் ஐந்தாம் பத்தியில் மகள் பார்த்ததும், அம்மா பார்த்ததும், புரோக்கர் சொன்னதும் ஒன்றாகக் கிடக்கின்றன. எந்தக் கூண்டில் போட்டாலும் பாதி பொய்யாகும்.

மூன்றாவது, நான் செய்வது: வரைவின் ஓரத்தில் வாக்கியம் வாக்கியமாகப் பென்சிலால் ‘நே’ (நேரில்), ‘கே’ (கேட்டது), ‘ப’ (பத்திரம்), ‘ந’ (நம்பிக்கை) என்று குறிப்பது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு எழுத்து வந்தால் அதை உடைக்க வேண்டும். நேரம் பிடிக்கும், அந்த அம்மாவை மறுபடி உட்காரவைத்துக் கேட்க வேண்டும். சோதனை எளிது. வாக்கியத்தின் கடைசியில் ‘ஆம்’ சேர்த்துப் படித்துக் காட்டினால், “ஆமா, அப்படித்தான் சொன்னாங்க” என்றோ “இல்ல, நானே பாத்தேன்” என்றோ பதில் வந்துவிடும்.

இதில் ஜூனியர்கள் சறுக்கும் இடம் ‘கேட்டது’ என்ற சொல். மிரட்டலை அந்த அம்மா காதால் கேட்டார். அது ‘நே’தான், ஏனென்றால் அவன் அப்படிப் பேசினான் என்பதே அங்கே நிரூபிக்க வேண்டிய விஷயம். புரோக்கர் பேச்சையும் காதால்தான் கேட்டார். அவர் அப்படிச் சொன்னார் என்பது ‘நே’. முன்பணம் கைமாறியது என்பது ‘கே’. பொதுவழி நாலடி என்பது 1987 கிரயப் பத்திரத்திலிருந்து, எனவே ‘ப’.

உடைத்தபின் ஐந்தாம் பத்தி மூன்றானது:

“5. சனிக்கிழமை காலை கேட்டில் பூட்டு தொங்கியதை நான் நேரில் கண்டேன். வெள்ளி இரவு எதிர்மனுதாரர் அதைப் பூட்டியதைத் தான் கண்டதாக என் மகள் என்னிடம் கூறினார். அதை உண்மை என நம்புகிறேன்.

6. புரோக்கர் ஒருவர் இடத்தை அளந்ததைக் கண்டேன். எதிர்மனுதாரர் முன்பணம் வாங்கிவிட்டதாக அவர் என்னிடம் சொன்னார்.

7. மேற்படி காரணங்களால் எதிர்மனுதாரர் சொத்தை விற்க முயல்கிறார் என நம்புகிறேன்.”

ஏழாம் பத்தி இடைக்கால மனுவில் மட்டும்தான் நிற்கும். அசல் வழக்கில் சாட்சியைக் கூண்டில் ஏற்றிச் செய்யும் முதல் விசாரணைக்குப் பதிலாகத் தாக்கல் செய்யும் நிரூபண அபிடவிட்டில் அதை நான் சேர்க்க மாட்டேன். பூட்டியதைப் பார்த்த மகள் திருவொற்றியூரில்தான் இருக்கிறாள். அவளிடமிருந்து ஒரு பக்கத்தில் தனி அபிடவிட் வாங்கி மனுவோடு சேர்த்தோம். ஐந்தாம் பத்தியின் ‘கே’ அங்கே ‘நே’ ஆனது.