கன்னத்துச் சாக்லேட்டும் சட்டைப்பை மையும்: ஹீலிங் பிரஷா, குளோன் ஸ்டாம்பா?

போட்டோஷாப்பில் குழந்தையின் கன்னத்தில் காய்ந்திருக்கும் சாக்லேட் துளியை நீக்க ஹீலிங் பிரஷ் ஏற்றது. அருகிலுள்ள தோலின் நுண்ணமைப்பை எடுத்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் கறையைச் சுற்றியுள்ள பகுதிக்கேற்ப இணைத்துவிடுவதால், கன்னத்தின் இயல்பான நிழல் மாறாது. ஆனால் அதே கறை உதட்டோரத்தைத் தொட்டிருந்தால், உதட்டின் சிவப்பு கன்னத்தில் கசிந்து புதிய கறைபோலத் தெரியும்.

அவ்விடத்திலும், கட்டம்போட்ட சட்டைப்பையில் படிந்த பேனா மையிலும், எடுத்த பகுதியை அப்படியே பதிக்கும் குளோன் ஸ்டாம்பே நம்பகமானது. ஆல்ட் விசையை அழுத்தியபடி, கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒரு சுத்தமான புள்ளியைச் சொடுக்கி, கறைபட்ட வெட்டுப்புள்ளியின்மேல் பிரஷைச் சரியாக வைத்துத் தொடங்கினால் கட்டங்கள் பிசகாது. துணி மடிந்து கோடு வளைந்திருந்தால் மட்டும் புள்ளியை அடிக்கடி புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தக் கருவியானாலும், Sample அமைப்பில் Current & Below என்பதைத் தேர்ந்து தனி லேயரில் வேலை செய்வது நல்லது. மூக்கு நுனியில் ஒட்டிய சோற்றுப் பருக்கையை நான் நீக்கமாட்டேன்.