கணினி இல்லாமல் கேம் பதிவு: போனில் உள்ள ரெக்கார்டரா, தனிச் செயலியா?

ஆண்ட்ராய்டு போனில் கேம் விளையாட்டைப் பதிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று போனுடன் வரும் ஸ்கிரீன் ரெக்கார்டர். மற்றொன்று எக்ஸ்ரெக்கார்டர், ஏஇசட் போன்ற தனிச் செயலி. ஒலியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கேமின் உள் ஒலியைப் பிற செயலிகள் பிடிக்கும் வழியை ஆண்ட்ராய்டு 10 தான், 2019இல், திறந்துவிட்டது. அதற்கு முந்தைய பதிப்புள்ள போனில் எந்தத் தனிச் செயலியை நிறுவினாலும் பொதுவாக மைக் வழியாக அறையின் இரைச்சலும் சேர்ந்தே பதிவாகும்.

ஆண்ட்ராய்டு 10 திறந்துவிட்ட அந்த வழியிலும் ஒரு தடை இருக்கிறது. கேமின் இசையும் துப்பாக்கிச் சத்தமும் பதிவாகும். அழைப்பு வகையில் ஒலிக்கும் வாய்ஸ் சாட் பதிவாகாது. அணியில் உள்ளவர்களின் பேச்சு வீடியோவில் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதோடு, வாய்ஸ் சாட் மைக்கைப் பிடித்திருக்கும்போது தனிச் செயலிக்கு வெறும் மௌனமே கிடைப்பதால், நம் குரலும் விடுபடலாம். வர்ணனை வேண்டுமானால் கேமின் மைக்கை அணைத்துவிட்டு ரெக்கார்டரின் மைக்கை இயக்குவதே உறுதியான வழி.

உண்மையான வேறுபாடு பிரேம் வீதத்தில்தான் தெரிகிறது. பல போன்களின் சொந்த ரெக்கார்டர் தெளிவுத்திறனை மட்டுமே தேர்வு செய்யவிடும். தனிச் செயலியிலோ பிரேம் வீதத்தையும் பிட்ரேட்டையும் நாமே குறிக்கலாம். ஆனால் 60 என்று குறிப்பதாலேயே நொடிக்கு 60 பிரேம் சீராக வந்துவிடாது. திரை புதுப்பிக்கப்படும்போதுதான் பிரேம் பதிவாகிறது என்பதால், கேம் திணறும் இடத்தில் கோப்பிலும் இடைவெளி விழும். மீடியாஇன்ஃபோ செயலியில் கோப்பைத் திறந்து `Frame rate mode` என்ற வரியில் `Variable` என்று இருந்தால் வீதம் மாறிக்கொண்டிருந்தது என்று பொருள். அப்படிப்பட்ட கோப்பைச் சில எடிட்டர்களில் வெட்டும்போது ஒலி படத்தைவிட்டு விலகும். தொடக்கத்திலும் கடைசி நிமிடத்திலும் ஒவ்வொரு துப்பாக்கி வெடிப்பை எடுத்து, தீப்பொறியும் சத்தமும் ஒன்றாக வருகின்றனவா என்று ஒப்பிட்டால் அந்த விலகல் புலப்படும்.

கேமின் வீதமும் ரெக்கார்டரின் வீதமும் பொருந்தவேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். கேம் 40இல் ஓட, ரெக்கார்டர் 30இல் பதிவு செய்தால், நான்கு பிரேமுக்கு ஒன்று உதிர்ந்து, கேமராவைத் திருப்பும்போதெல்லாம் காட்சி வெட்டி வெட்டி நகரும். இரண்டையும் 30இல் வைத்தால் அதே போனில் காட்சி மென்மையாகிவிடும். 60க்கு 60 வைப்பது இன்னும் அழகு. ஆனால் 16 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் பத்து நிமிடத்துக்குச் சுமார் 1.2 ஜிபி இடம் தேவைப்படும். போன் சூடேறி வேகம் குறைந்தால், பத்தாவது நிமிடத்தின் வீதம் முதல் நிமிடத்தைப் போல் இருக்காது.

ஆகவே ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய போனில் சொந்த ரெக்கார்டரையே முதலில் சோதிக்கப் பரிந்துரைக்கிறேன். அதில் பிரேம் வீதத்தை நிர்ணயிக்க இடமில்லாமல், காட்சியும் வெட்டி நகர்ந்தால் மட்டுமே தனிச் செயலிக்கு மாறலாம். சார்ஜரைக் கழற்றி, பிரகாசத்தைக் குறைத்து, கேமின் கிராபிக்ஸை ஒரு படி இறக்கிய பிறகு பத்து நிமிடம் பதிவு செய்து, அதன் கடைசி நிமிடத்தை மட்டும் பாருங்கள்.