கட்டுப்பாடு தளர்ந்ததா, அலைவு அடங்கவில்லையா? கவனக்குறைபாட்டுக்கு இரண்டு விளக்கங்கள்

உப்புவெளியில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒருவனை எண்ணிக்கொள்வோம். ஒரே தரத்தில் 10 கணக்குகள் கொடுக்கிறோம். முதல் மூன்றையும் ஒவ்வொன்றும் 20 விநாடிக்குள் சரியாக முடிக்கிறான். நாலாவதில் ஒன்றரை நிமிடம் நின்றுவிடுகிறான். ஐந்தாவது மறுபடியும் 20 விநாடி. ஏழாவதில் கழித்தல் குறியைப் பார்க்காமல் கூட்டிவிடுகிறான். இதே பிள்ளை பின்னேரம் கடற்கரையில் பந்தடிக்கும்போது கவனம் சிதறாமல் ஒரு மணித்தியாலம் விளையாடுகிறான்.

"வேணுமெண்டுதான் செய்யிறான், டொக்டர்" என்று தாய் சொல்வது இதைப் பார்த்துத்தான். திருகோணமலையில் பிள்ளைகளைப் பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. விளையாட்டில் வரும் கவனம் கணக்கில் ஏன் வரவில்லை என்பது நியாயமான கேள்வி. கவனக்குறைபாடு பற்றிய இரண்டு விளக்கங்களையும் இந்தக் கேள்வியை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

முதல் விளக்கம் பழையது. 1997இல் உளவியலாளர் ரசல் பார்க்லி இதைத் தெளிவாக எழுதினார். அவர் சொன்னதன் சாரம், எழும் உந்துதலை ஒரு கணம் நிறுத்திவைக்கும் திறன்தான் பலவீனமாக இருக்கிறது, மற்றவை எல்லாம் அதிலிருந்து வருகின்றன என்பது. மூளையில் இந்த வேலைக்கு உரியது நிறைவேற்று வலையமைப்பு. நெற்றிப்பக்க மூளை, அதன் கட்டளைகளை வாங்கும் உட்பகுதியான ஸ்ட்ரையேட்டம், இவற்றோடு பக்கவாட்டு மேல்மூளையும் சேர்ந்தது அது. திரையில் அம்புக்குறி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், இடையில் சத்தம் கேட்டால் கையை நிறுத்திவிட வேண்டும் என்றொரு சோதனை உண்டு. கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சராசரியாக நிறுத்த அதிக நேரம் எடுக்கிறது. வலப்பக்க நெற்றிமூளையின் கீழ்ப்பகுதி அந்த நேரத்தில் குறைவாக இயங்குவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நமது பிள்ளையின் ஏழாவது கணக்குக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. குறியைப் பார்க்குமுன் கை ஓடிவிட்டது. ஆனால் நாலாவது கணக்கில் அவன் அவசரப்படவே இல்லை, நின்றுபோனான். கடற்கரைக்கும் இதில் பதில் இல்லை. நிறுத்தும் திறன் பழுதானது என்றால் பந்து விளையாட்டிலும் அது தெரிந்திருக்க வேண்டும். அதோடு, இந்த வகைச் சோதனை எதை எடுத்தாலும், கவனக்குறைபாடு உறுதியான பிள்ளைகளில் பலர் மற்றப் பிள்ளைகளைப் போலவே புள்ளி எடுக்கிறார்கள்.

இரண்டாவது விளக்கம் வேறொரு வலையமைப்பிலிருந்து தொடங்குகிறது. நாம் வெளிவேலை எதுவும் இல்லாமல் நினைவில் மூழ்கியிருக்கும்போது மூளையின் சில பகுதிகள் ஒன்றாக இயங்குகின்றன. 2001இல் மார்கஸ் ரெய்க்கிளும் அவரது குழுவினரும் இதை மூளையின் இயல்புநிலை இயக்கம் என்று விவரித்தார்கள். வேலை ஒன்றில் இறங்கியதும் இந்த வலையமைப்பு தணிய வேண்டும். 2007இல் சோனுகா-பார்க், கஸ்டெயானோஸ் இருவரும், கவனக்குறைபாட்டில் இது முழுமையாகத் தணிவதில்லை, வேலையின் நடுவிலும் மெதுவாக எழும்பி வந்து குறுக்கிடுகிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். அப்படியானால் பிள்ளை எப்போதும் மெதுவாக இருக்க மாட்டான். நன்றாகச் செய்துகொண்டிருப்பான், இடையிடையே காணாமல் போவான். நாலாவது கணக்கில் நடந்தது இதுதான். கவனக்குறைபாட்டில் மிக உறுதியாகத் திரும்பத் திரும்பக் கிடைக்கும் அளவீடுகளில் ஒன்றும் இந்த ஏற்ற இறக்கமே. சராசரி நேரத்தை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு இது தெரியாது. ஒவ்வொரு கணக்குக்கும் எடுத்த நேரத்தைத் தனித்தனியாகக் குறித்தால் தெரியும்.

கடற்கரைக் கேள்விக்கும் இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2011இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் மூளை ஸ்கானருக்குள் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். சில சுற்றுகளில் பரிசு சிறியது, சிலவற்றில் பெரியது. மருந்து எடுக்காத நேரத்தில், கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளின் இயல்புநிலை வலையமைப்பு சிறிய பரிசுக்குப் போதிய அளவு தணியவில்லை. பெரிய பரிசுக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே தணிந்தது. கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் மெதில்பெனிடேட் என்ற மருந்தை எடுத்தபோது சிறிய பரிசுக்கும் தணிந்தது. அந்தத் தாயிடம் எனக்குச் சொல்லக் கிடைத்த மிக நல்ல விடை இந்த ஆய்வு. பிள்ளையின் மூளைக்கு அந்த வலையமைப்பைத் தணிக்கும் ஆளியைத் தட்டத் தெரியும். அதைத் தட்டுவதற்கு அதற்குத் தேவைப்படும் ஈர்ப்பின் அளவுதான் கூட.

இரண்டில் எது சரி என்று கேட்டால், ஏழாவது கணக்குக்காக முதலாவதை நான் வைத்துக்கொள்வேன். ஆனால் அன்றாடம் நான் பார்ப்பதை இரண்டாவதுதான் அதிகம் விளக்குகிறது. இரண்டுமே குழுக்களின் சராசரியைப் பற்றிய பேச்சு என்பதை மறக்கக் கூடாது. ஒரு பிள்ளையை ஸ்கான் பண்ணி இவனுக்குக் கவனக்குறைபாடு என்று சொல்ல இன்று வழியில்லை.

சரி, குளிசை என்ன செய்கிறது? தொடக்கத்தில் சச்சரவு இல்லை. நரம்புக்கலங்கள் செய்தி அனுப்ப வெளிவிட்ட டோபமின், நோர்அட்ரினலின் என்ற இரசாயனங்களைத் திரும்ப உள்ளிழுக்கும் கடத்திகளை மெதில்பெனிடேட் அடைக்கிறது. அதனால் இரண்டும் வெளியில் கூடுதலாகத் தங்குகின்றன. இதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது.

ஒரு சாரார் நெற்றிமூளையைக் காட்டுகிறார்கள். அங்கே டோபமின் கடத்திகள் குறைவு, டோபமினையும் பெரும்பாலும் நோர்அட்ரினலின் கடத்திதான் அள்ளுகிறது. அதனால் சிறிய அளவு மருந்தே அங்கு இரண்டையும் உயர்த்தி, கட்டுப்பாட்டை உறுதியாக்குகிறது என்பது அவர்களின் வாதம். இதில் அளவு கறிக்கு உப்புப் போல. குறைந்தாலும் கூடினாலும் கெடும். மருந்து கூடிப்போன பிள்ளை குழப்படி செய்ய மாட்டான், ஆனால் முகம் வாடி, ஒன்றையே பிடித்துக்கொண்டு, பேச்சுக் குறைந்து இருப்பான். வகுப்பில் இதை "இப்ப நல்ல அமைதி" என்று எடுத்துக்கொண்டால் பிழை.

மற்றச் சாரார் ஸ்ட்ரையேட்டத்தைக் காட்டுகிறார்கள். 2004இல் நோரா வோல்கோவின் குழு, 16 ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 20 மில்லிகிராம் மெதில்பெனிடேட் கொடுத்து அளந்தது. கணக்குச் செய்தபோது டோபமின் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது, வெறும் படங்களைப் பார்த்தபோது அப்படி உயரவில்லை. மருந்தோடு கணக்குச் செய்தவர்கள் அது கூடுதல் சுவாரசியமாக இருந்ததாகவும் சொன்னார்கள். 1937இல் சார்லஸ் பிராட்லி பென்சிட்ரின் என்ற ஊக்கி மருந்து கொடுத்த பிள்ளைகளே அதைக் கணக்குக் குளிசை என்று சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். 2025 இறுதியில் சென்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் ஸ்கான்களில், மருந்து எடுத்த நாளின் மாற்றம் விழிப்பு, வெகுமதி சார்ந்த பகுதிகளில் தெரிந்தது. கவன வலையமைப்புகளில் அது தெரியவில்லை.

அந்த ஆய்வு காட்டிய இன்னொன்று நம் ஊருக்கு நேரே வருகிறது. தூக்கம் குறைந்த பிள்ளையின் மூளை மருந்தோடு நன்றாகத் தூங்கிய பிள்ளையின் மூளை போலத் தெரிந்தது. விடிய நாலரைக்கு எழும்பி, பாடசாலை முடிந்து இரவு எட்டு வரை ரியூசன் போகும் பிள்ளைக்கு மருந்து வேலை செய்தால், மருந்து ஈடுசெய்தது கவனக்குறைபாட்டையா, தூக்கக் குறைவையா என்று நமக்கு எப்படித் தெரியும்? மருந்துக்குப் பலன் கிடைத்ததாலேயே நோய் உறுதி என்று சொல்லவும் முடியாது. 1978இல் ஜூடித் ரப்பபோர்ட், குறைபாடு எதுவும் இல்லாத சிறுவர்களுக்கு ஊக்கி மருந்து கொடுத்தபோதும் அசைவு குறைந்து கவனம் கூடியது.

ஆகவே நான் முதலில் இரண்டு வாரத் தூக்கக் குறிப்பைக் கேட்பேன். தூக்கத்தைச் சரிசெய்த பிறகும் அதே ஏற்ற இறக்கம் வீட்டிலும் வகுப்பிலும் இருந்தால்தான் குளிசை, அதுவும் சிறிய அளவில் தொடங்கி. சாதாரணக் குளிசையின் பலன் ஏறக்குறைய 4 மணித்தியாலம்தான். காலை 7 மணிக்குக் கொடுத்தால் 9 மணிப் பாடத்தில் ரீச்சர் பார்ப்பதுதான் மருந்தின் முகம். பின்னேரம் தாய் பார்ப்பது மருந்து இறங்கிய பிள்ளையை, சில நேரம் முன்னைவிடக் கூடிய சிணுங்கலோடு. இருவரும் முரணாகச் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அளவை மாற்றுவதற்கு முன், பசி, உயரம், நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு இருவர் குறித்த நேரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.