மெனோபாஸ் தொப்பை: அளவைக் குறைப்பதா, 16 மணி நேர விரதமா, புரதத்தைக் கூட்டுவதா?

நாற்பத்தைந்தைத் தாண்டிய பல பெண்கள் சொல்கிற புகார் ஒன்றுதான். முன்பு சாப்பிட்டதைத்தான் இப்போதும் சாப்பிடுகிறேன், ஆனால் வயிறு மட்டும் போட்டுக்கொண்டே போகிறது. இதைச் சொன்னதும் மூன்று அறிவுரைகள் வரும்: பாதி வயிறு சாப்பிடு, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு 16 மணி நேர விரதம் இரு, புரதத்தைக் கூட்டு. எதைச் செய்தாலும் சரி என்பது போலவே பலரும் பேசுகிறார்கள். அப்படி இல்லை, இந்த வயதில் உடம்புக்குள் நடக்கிற மாற்றத்தோடு வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முதலில் அந்த மாற்றம் என்ன என்று பார்த்துவிடலாம். நடுத்தர வயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஸ்வான் என்ற அமெரிக்க ஆய்விலிருந்து 2019-ல் ஒரு முடிவு வெளிவந்தது. மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கும் காலத்திலிருந்து, அது நின்று ஏறக்குறைய 2 ஆண்டுகள் வரை, உடம்பில் கொழுப்பு சேரும் வேகம் முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, அதே சமயம் தசை குறையத் தொடங்குகிறது. ஆனால் தராசில் தெரிகிற எடை திடீரென்று எகிறவில்லை, முன்பு எப்படி மெல்ல ஏறியதோ அப்படியேதான் ஏறியது. கொழுப்பு கூடுவதும் தசை குறைவதும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதால் தராசை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது, பாவாடை நாடாவும் பேண்ட் பொத்தானும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை இடுப்பிலும் தொடையிலும் போய்ச் சேர்ந்த கொழுப்பு, அது குறைந்ததும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவது இந்தக் கொழுப்புதான்.

அதனால் எந்த உணவு முறையானாலும் நான் கேட்கிற கேள்வி எத்தனை கிலோ குறைந்தது என்பதில்லை. வயிற்றுச் சுற்றளவு குறைகிறதா, தசை மிஞ்சுகிறதா, ராத்திரிப் பசி அடங்குகிறதா? இந்த மூன்றுதான்.

பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தங்கள் மன உறுதிக் குறைவு என்று நினைத்துத் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். இரவில் உடம்பெல்லாம் சூடு பரவி, வியர்த்து, தூக்கம் இரண்டு மூன்று முறை கலைகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் குறையும். மறுநாள் சாயங்காலம் இனிப்பையும் வறுத்ததையும் தேடுவது அதன் தொடர்ச்சி. இன்னொரு கருத்தும் உண்டு. சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சிம்சன், டேவிட் ராபன்ஹைமர் இருவரும் முன்வைத்தது: உடம்பு தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை பசியை விடாது, உணவில் புரதம் நீர்த்துப்போயிருந்தால் மொத்தத்தில் அதிகமாகச் சாப்பிட வைக்கும். மெனோபாஸ் சமயத்தில் தசை கரைவது கூடுவதால் புரதத் தேவையும் கூடுகிறது, பழைய சாப்பாடே தொடர்ந்தால் பசி மிஞ்சுகிறது என்று இதை விரித்துச் சொல்கிறார்கள். இது இன்னும் முழுதாக நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை, ஆனால் கீழே வரும் கணக்கோடு நன்றாகப் பொருந்துகிறது.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 51, எடை 65 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், வயிற்றுச் சுற்றளவு 90. காலையில் ஜாம் தடவிய இரண்டு ரொட்டித் துண்டு, பால் காபி. மதியம் தட்டு நிறையச் சோறு, அரைக் கப் பருப்பு, கொஞ்சம் காய். சாயங்காலம் நான்கு பிஸ்கட்டும் காபியும். ராத்திரி ஒரு பெரிய கிண்ணம் நூடுல்ஸ், காய் போட்டு. தவறான சாப்பாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் புரதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் காலையில் 9 கிராம், மதியம் 18, சாயங்காலம் 5, ராத்திரி 10. மொத்தம் 42. இந்த வயதில் எடைக்கு ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்று வைத்தால் அவருக்கு 65 முதல் 78 கிராம் வேண்டும்.

இப்போது இதே தட்டில் மூன்று வழிகளையும் போட்டுப் பார்க்கலாம்.

அளவைக் குறைப்பது

எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் கலோரி நிச்சயம் குறையும், எடையும் இறங்கும். இந்த வழியைச் சும்மா ஒதுக்க முடியாது. 44 முதல் 50 வயதுக்குட்பட்ட 535 பெண்களை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. கலோரியையும் கொழுப்பையும் குறைத்து, உடற்பயிற்சியைக் கூட்டிய குழுவில் நாலரை ஆண்டு கழித்தும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆரம்ப எடையிலோ அதற்குக் கீழேயோ இருந்தார்கள். ஒன்றும் செய்யாத குழுவில் அப்படி இருந்தவர்கள் கால்வாசி. நல்ல பலன்தான். ஆனால் அதே ஆய்வில் எலும்பையும் அளந்தார்கள், எடையைக் குறைத்தவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் குறைந்தது. ஈஸ்ட்ரோஜன் போவதால் ஏற்கெனவே எலும்பு தேய்கிற காலம் இது, அதனால் இதை அற்பமாக நினைக்க முடியாது.

நம் கணக்கில் உள்ள பெண்ணுக்கு இந்த வழியில் புரதம் 42-லிருந்து 28 கிராமுக்கு வந்துவிடும். எடை இறங்கும்போது போகிறது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும்தான். பசி அடங்காமல் ராத்திரி சமையலறைக்குப் போவதும் இந்த வழியில்தான் அதிகம்.

16 மணி நேர விரதம்

பகல் 12 மணிக்கு முதல் சாப்பாடு, ராத்திரி 8 மணிக்குக் கடைசி. இதுதான் இப்போது எல்லோரும் பேசுகிற முறை. 2020-ல் வெளியான ஒரு ஆய்வில் ஆண்களும் பெண்களுமாக 116 பேரை வைத்து 12 வாரம் இதையே சோதித்தார்கள். விரதம் இருந்தவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோகூடக் குறையவில்லை, வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் என்று சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை, குறைந்ததிலும் கொழுப்பில்லாத திசுவின் பங்கு அதிகமாக இருந்தது. இது மெனோபாஸ் பெண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இல்லை என்பது உண்மை. ஆனாலும் தசையைக் காப்பாற்ற வேண்டிய ஒருவருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

நம் கணக்கில் காலைச் சாப்பாடு போனால் புரதம் 33 கிராம். மதியம் அகோரப் பசியில் சோறுதான் கூடுமே தவிர பருப்பு கூடப்போவதில்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்குகிற மாத்திரைகளோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது, தாழ்சர்க்கரையில் மயங்கி விழ வாய்ப்பு உண்டு.

இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: ராத்திரிச் சாப்பாட்டை முன்னதாக முடிப்பது. படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்பு சாப்பிட்டு முடித்தால் டிவி முன்னால் கொறிப்பது நின்றுவிடும். அதற்குக் காலைச் சாப்பாட்டை விட வேண்டியதில்லை.

புரதத்தைக் கூட்டுவது

என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. புரதத்தைச் *சேர்ப்பது* இல்லை, மாவுப்பொருளையும் இனிப்பையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் *வைப்பது*. இருக்கிற சாப்பாட்டின் மேல் இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் போட்டால் கலோரிதான் கூடும். பலருக்கு இந்த முறை பலிக்காமல் போவது இங்கேதான்.

அதே பெண்ணின் தட்டு இப்படி மாறும். காலையில் ஜாம் போகிறது, ரொட்டி ஒன்றாகிறது, இரண்டு முட்டையும் ஒரு கப் தயிரும் வருகிறது: 22 கிராம். மதியம் சோற்றில் ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது, பருப்பு கெட்டியாக ஒரு முழுக் கப் ஆகிறது, காய் தட்டில் பாதியைப் பிடிக்கிறது: 25 கிராம். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சின்னக் கைப்பிடி வேர்க்கடலை, காபியோடு: 9 கிராம். ராத்திரி நூடுல்ஸ் இடத்தில் 100 கிராம் மீன், அசைவம் வேண்டாம் என்றால் 150 கிராம் டோஃபு, நிறையக் காய், ஒரு ரொட்டித் துண்டு: 22 கிராம் அல்லது கொஞ்சம் கூட. மொத்தம் 78-ஐத் தொடும். கலோரி கூடவில்லை, எண்ணெயைக் கையை மீறி ஊற்றாவிட்டால் 150 கலோரி போலக் குறைகிறது. வேளைக்கு 20, 25 கிராம் என்று பிரிந்து வருவதும் முக்கியம், நாள் முழுவதும் கொஞ்சமாகச் சாப்பிட்டு ராத்திரி ஒரே தட்டில் எல்லாவற்றையும் வைப்பதைவிடத் தசைக்கு இது நல்லது.

பருப்பும் காயும் கூடும்போது நார்ச்சத்தும் கூடவே வருகிறது, வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கிறது. காயைக் குறைத்துவிட்டு முட்டையையும் இறைச்சியையும் மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் வரும், காய் போதவில்லை என்பதற்கு அதுவே அறிகுறி. நார்ச்சத்தை ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும், இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள், தண்ணீரும் குடியுங்கள். புரத பார், புரத பிஸ்கட் என்று விற்பதில் சர்க்கரை எவ்வளவு என்று லேபிளைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அப்புறம், தசைக்கு வேலை கொடுக்காமல் புரதம் மட்டும் சாப்பிட்டால் தசை அவ்வளவாக வளராது. வாரம் இரண்டு நாள் கனம் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது என்று ஆரம்பித்தால் போதும். எலும்புக்கும் அதுதான் உதவும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும், மாதம் ஒருமுறை, காலையில். சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருப்பது நல்லது, நம் உதாரணப் பெண்ணுக்கு அது 79. மூன்று மாதத்தில் அங்கே போய்ச் சேரமாட்டார், ஆனால் 90 என்பது 87 ஆகி எடை ஒரே ஒரு கிலோ குறைந்திருந்தாலும் முறை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் டேப் அசையவில்லை, கூடவே களைப்பும் குளிர் தாங்காமையும் முடி கொட்டுவதும் இருக்கிறது என்றால் தைராய்டைப் பரிசோதியுங்கள், இந்த வயதில் தைராய்டு கோளாறும் மெனோபாஸும் ஒன்றாக வருவது சகஜம். ராத்திரி வியர்வையால் தூக்கமே இல்லை என்றால் சாப்பாட்டை மாற்றி மட்டும் பசியை அடக்குவது கஷ்டம். ஹார்மோன் சிகிச்சை தனக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அது எடை குறைக்கிற மருந்து இல்லை, பலர் பயப்படுகிற மாதிரி எடையை ஏற்றுவதும் இல்லை. ஆனால் தூக்கம் திரும்பினால் சாயங்காலத்து இனிப்பு ஆசை தானாகவே பாதி இறங்கிவிடும்.